"தமிழைச் சேர்க்கவும்" என்றால் எங்கே சேர்ப்பது? – ஒரு தட்டச்சு வழிகாட்டியைப் படித்தபோது



கொஞ்ச நாளாகவே நம் புலனக் குழுக்களில் ஒரு பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் கணினியில் தமிழ் 99 விசைப்பலகையை எப்படிச் சேர்ப்பது, எப்படித் தட்டுவது என்று சொல்லும் பதினோரு பக்க வழிகாட்டி. எழுதியவர் பெயர் இல்லை. "கணினியே தெரியாதவர்களுக்கும்" என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். ஈப்போவில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரர்களுக்கும் இதைத்தான் அனுப்பிவைக்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் உள்ள தகவல் எல்லாம் சரி. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எந்த எழுத்து எந்த விசையில் என்று காட்டும் படம் தெளிவாக இருக்கிறது. தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்ததும் நல்ல முடிவு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரமாக ஏற்கப்பட்ட அமைப்பு அது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் அதைப் பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் கணினியே தெரியாத ஒருவர் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியாது. நான் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மூவருமே இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இதே மாதிரி வழிகாட்டிகளை நாமும் எழுதுகிறோம், எழுதச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

இரண்டாம் பக்கத்தில் முதல் படி இப்படி இருக்கிறது: "அமைவுகளுக்குச் சென்று மொழிப் பகுதியில் தமிழைச் சேர்க்கவும், பின்னர் தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிவு செய்யவும்."

ஒரே வாக்கியம். இதைச் செய்ய விண்டோஸ் 11-இல் கை எத்தனை தடவை அசைய வேண்டும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அமைவுப் பக்கத்தைத் திறப்பது ஒன்று. இடப்பக்கப் பட்டியலில் Time & language. வலப்பக்கத்தில் Language & region. அதில் Add a language. தேடும் பெட்டியில் Tamil என்று தட்டுவது. வரும் பட்டியலில் Tamil (India). பிறகு Next. பிறகு Install. அது முடிந்து பழைய பக்கத்துக்கு வந்ததும் தமிழ் என்ற வரிசையின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளி. அதில் Language options. கீழே போய் Add a keyboard. அதில் Tamil 99. மொத்தம் பன்னிரண்டு. எழுதியவருக்கு இது ஒரே செயல், ஏனென்றால் அவருடைய கை இதை ஐம்பது தடவை செய்திருக்கிறது. புதியவருக்கு இது பன்னிரண்டு சந்தி. ஒவ்வொரு சந்தியிலும் தவறான பக்கம் திரும்பலாம்.

பன்னிரண்டையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. ஒரு படிக்கு மூன்று உறுப்பு வேண்டும் என்பது என் கருத்து. எங்கே பார்ப்பது, என்ன செய்வது, செய்த பிறகு திரையில் என்ன தெரியும். பெரும்பாலான வழிகாட்டிகளில் நடுவில் உள்ளது மட்டும்தான் இருக்கும். முதலாவது இல்லாவிட்டால் கண் தேடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது இல்லாவிட்டால், தான் சரியாகச் செய்தோமா என்றே புதியவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? திரும்ப ஒருமுறை அழுத்துவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

அந்த முதல் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் நான் இப்படி மாற்றி எழுதினேன்:

"விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடப்பக்கம், நான்கு கட்டம் போட்ட சன்னல் படம் உள்ள விசை இருக்கும். அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். விடாமல், இன்னொரு விரலால் I எழுத்தை ஒருமுறை தட்டுங்கள். இப்போது இரண்டையும் விடலாம். Settings என்று மேலே எழுதிய ஒரு பெரிய பக்கம் திறக்கும். இடப்பக்கம் ஒரு பட்டியல் தெரியும்."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. நம் பள்ளி மடிக்கணினிகளில் பாதி மலாய் மொழியில் இருக்கும், பாதி ஆங்கிலத்தில் இருக்கும். சன்னல் விசையும் I-யும் எந்த மொழியில் இருந்தாலும் அதே பக்கத்தைத்தான் திறக்கும். தொடக்கத்திலேயே "எந்தப் பெயரைத் தேடுவது" என்ற குழப்பம் ஒழிந்துவிடும்.

பெயர் என்று வந்துவிட்டதால், இந்த வழிகாட்டியின் பெரிய குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ் ஆசிரியர்கள் நாம், நமக்கே கொஞ்சம் கசக்கும். வழிகாட்டி முழுக்கப் பொத்தான்களின் பெயரையும் தமிழாக்கியிருக்கிறார்கள். "அமைவுகள்", "நேரமும் மொழியும்", "விசைப்பலகையைச் சேர்". தமிழ் அழகாக இருக்கிறது. ஆனால் படிக்கிறவரின் திரையில் அந்தச் சொற்கள் எங்குமே இல்லை. நான் கொடுத்துப் பார்த்த ஒரு பெரியவர் பத்து நிமிடம் "அமைவுகள்" என்ற சொல்லைத் திரையில் தேடினார். "எங்க சார், என் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்தே இல்லையே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

வினையைத் தமிழில் சொல்லுங்கள், பெயரைத் திரையில் உள்ளபடியே விடுங்கள். இதுதான் நான் கண்ட வழி. "Add a language என்ற நீலப் பொத்தானை ஒருமுறை தட்டுங்கள், புதிய மொழியைச் சேர்ப்பதற்கான பொத்தான் இது." பொருளும் வந்துவிட்டது, தேடவும் எளிது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இதே முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். அவர்களுடைய காணொளிகள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டவை. குரல் தமிழில் வரும், திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். பயில்கிறவர் தன் கணினியில் பார்க்கப்போவது ஆங்கிலத் திரையைத்தான் என்பதால் அப்படி. தொடக்கத்திலேயே எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போவார்கள். நம் பிடிஎஃப் எந்த விண்டோஸுக்கு என்று அதில் எங்குமே இல்லை. படங்களைப் பார்த்து நானே ஊகித்துக்கொண்டேன்.

இனி படங்கள். பதினோரு பக்கத்தில் ஒன்பது திரைப்படம் போட்டிருக்கிறார்கள் (சினிமா இல்லை, திரையைப் பிடித்த படம்). குறை சொல்ல மனசு வரவில்லை, நிறைய உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பதும் முழுத் திரை. தாளில் அச்சடித்தால் ஒவ்வொரு படமும் உள்ளங்கை அகலம். அதற்குள் இருக்கும் Language & region என்ற வரியைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். இன்னொன்று, ஒரே படத்தில் நான்கு சிவப்பு அம்பு. எந்த அம்பு முதலில் என்று எண் இல்லை.

வெட்டிப் போடலாம் என்றால், அதிலும் ஒரு அளவு இருக்கிறது. பொத்தானை மட்டும் தனியாக வெட்டி ஒட்டினால், அது திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாது. முழுத் திரையும் வேண்டாம், பொத்தான் மட்டும் என்றும் வேண்டாம். பொத்தானோடு, அது எந்த ஓரத்தில் இருக்கிறது என்று காட்டும் அளவுக்குச் சுற்றுப்புறமும் வர வேண்டும். Add a language-க்கு நான் வெட்டிய படத்தில் மேலே உள்ள Language & region என்ற தலைப்பும் தெரியும், வலது ஓரமும் தெரியும். அவ்வளவு போதும். ஒரு படத்துக்கு ஒரு செயல், மிஞ்சிப்போனால் இரண்டு.

சிவப்புக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் பள்ளிகளில் இந்த மாதிரித் தாளெல்லாம் கடைசியில் ரிசோ இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையாகத்தான் வெளியே வரும். சிவப்பு மங்கிச் சாம்பலாகி, படத்தின் சாம்பலோடு கலந்துவிடும். தடித்த கறுப்புக் கட்டமும், வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு எண்ணும் போட்டால் எதில் அச்சடித்தாலும் தெரியும். விளக்கத்தைப் படத்துக்குள் எழுத வேண்டாம், எண் மட்டும் படத்தில் இருக்கட்டும், விளக்கம் கீழே வரட்டும். படத்துக்குள் எழுதிய தமிழில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தாலும் திருத்த முடியாது, முழுப் படத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். இந்தப் பிடிஎஃபிலேயே அப்படி இரண்டு இடம் இருக்கிறது, எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கும், பாவம்.

அனுப்பும் விதமும் முக்கியம். புலனத்தில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், எழுத்து கரைந்துபோகும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஒன்பது படங்களில் ஒன்றில் இன்னொரு விஷயம் கவனித்தேன். வோர்ட் கோப்பில் படத்தின் ஒரு பகுதியை வெட்டி மறைத்திருக்கிறார்கள், அநேகமாக ஒரு மின்னஞ்சல் முகவரி. வோர்டில் Crop செய்தால் வெட்டிய பகுதி கண்ணுக்கு மறையுமே தவிர, கோப்புக்குள் இருக்கும். அந்த வோர்ட் கோப்பை வாங்கியவர் யாரும் திரும்ப இழுத்து விரித்துப் பார்க்கலாம். Compress Pictures என்ற இடத்தில் Delete cropped areas of pictures என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உண்மையில் அழியும். மாணவர் பெயரோ அடையாள அட்டை எண்ணோ உள்ள திரையைப் பிடிக்கிறவர்கள், வோர்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே படத்தை வெட்டிச் சேமித்துவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பதினோராம் பக்கத்தில் "சிக்கல்களும் தீர்வுகளும்" என்று ஒரு பெட்டி. அதில் மூன்று வரி. "விசைப்பலகை சரியாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும். கணினியை மறுதொடக்கம் செய்யவும். தொடர்ந்து சிக்கல் இருந்தால் நிபுணரை அணுகவும்."

இது சிக்கல் தீர்க்கும் குறிப்பே இல்லை. சரியாகத் தேர்வு செய்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. புதியவருக்குக் காரணம் தெரியாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் தெரியும். "நான் தட்டினேன், இது வந்தது." குறிப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மருத்துவரிடம் போகிறவர் காய்ச்சல் என்றுதான் சொல்வார், கிருமியின் பெயரைச் சொல்ல மாட்டார்.

1980-களில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்ற ஆய்வாளர், அலுவலகப் பணியாளர்கள் புதிய சொற்செயலியைக் கையேடு வைத்துப் பழகுவதை உட்கார்ந்து பார்த்தார். யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. பக்கத்தைத் தாண்டினார்கள், நேரே செய்து பார்த்தார்கள், தவறினார்கள். தவறிய இடத்திலிருந்து மீள்வதற்கு அந்தத் தடித்த கையேட்டில் வழியே இல்லை. அவர் மிகச் சுருக்கமான ஒரு கையேட்டைச் செய்தார். முன்னுரை, விளக்கம் எல்லாவற்றையும் வெட்டினார். ஆனால் தவற்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மீள்வது என்பதை வெட்டவில்லை, கூட்டினார். அதை வைத்துப் பழகியவர்கள் விரைவாகக் கற்றார்கள். 1990-இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'தி நியூரன்பெர்க் ஃபன்னல்'. தலையில் புனல் வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்ற பழைய ஜெர்மானியக் கேலிக் கற்பனையிலிருந்து வந்த பெயர். ஆசிரியர்கள் நமக்கு அந்தப் புனல் நன்றாகவே தெரியும்.

நம் வழிகாட்டிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். விசைப்பலகையைச் சேர்த்து முடித்ததும் முதல் காரியமாக ஒரு சோதனைச் சொல்லைத் தட்டச் சொல்ல வேண்டும். தமிழ் 99-இல் "தமிழ்" என்ற சொல்லுக்கு இந்த ஐந்து விசை:

```
lks/f
```

இந்த ஐந்தையும் தட்டினால் என்ன வருகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். "தமிழ்" என்று வந்தால் எல்லாம் சரி, அடுத்த பக்கம் போகலாம். lks/f என்றே வந்தால் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறீர்கள், விசைப்பலகையை மாற்றவில்லை. "தகேயி" என்று வந்தால் பட்டியலில் Tamil 99-க்குப் பதிலாக வெறும் Tamil என்பதைத் தேர்ந்திருக்கிறீர்கள். அது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறு அமைப்பு. அதில் l-க்குத் த, k-க்குக் க, s-க்கு ஏகாரக் குறி, / -க்கு ய, f-க்கு இகரக் குறி. அதனால்தான் அப்படி ஒரு பொருளில்லாத சொல் வருகிறது. "ல்க்" என்று தொடங்கினால் ஆங்கில ஒலிப்படி தட்டும் அஞ்சல் போன்ற ஒரு பலகையில் இருக்கிறீர்கள்.

பாருங்கள், ஒரே சொல், நான்கு விளைவு, நான்கு காரணம். கடைசி இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: Language options பக்கத்துக்குத் திரும்பிப் போய், Tamil 99 இருக்கிறதா என்று பாருங்கள், தேவையில்லாத பலகையின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி Remove கொடுங்கள். இரண்டு தமிழ்ப் பலகை இருந்தால் புதியவர் ஒவ்வொரு முறையும் எதில் இருக்கிறோம் என்று குழம்புவார். ஒன்று மட்டும் இருப்பது நல்லது.

இந்தக் குறிப்பு பதினோராம் பக்கத்தில் இருக்கக் கூடாது. சோதனைச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதற்கு நேர் கீழேயே இருக்க வேண்டும். தவறியவர் கடைசிப் பக்கம் வரை புரட்ட மாட்டார். மூடி வைத்துவிடுவார்.

ஆங்கிலத்திலேயே நின்றுவிடுவதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. வழிகாட்டியில் "மொழியை மாற்ற Windows + Space" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். கோயில் திருவிழாவுக்குத் துண்டறிக்கை தட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. அவர் சன்னல் விசையைத் தட்டினார், பிறகு + விசையைத் தேடித் தட்டினார், பிறகு "ஸ்பேஸ்னு எழுதியிருக்கிற பட்டன் இல்லியே டீச்சர்" என்றார். இடைவெளி விசையில் எதுவுமே எழுதியிருக்காது! இத்தனை வருடம் தட்டுகிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. + என்பது "சேர்த்து அழுத்து" என்ற குறி என்பதும் அதைப் பழகியவர்களுக்கு மட்டும் தெரிந்த மரபு. "சன்னல் விசையை அழுத்திப் பிடித்தபடியே, எழுத்து எதுவும் இல்லாத நீளமான விசையை ஒருமுறை தட்டுங்கள். ஒரு சிறு பட்டியல் தோன்றும். அதில் தமிழ் வரும்வரை நீள விசையை மட்டும் தட்டுங்கள். வந்ததும் இரண்டையும் விடுங்கள்" என்று மாற்றியதும் அக்கா முதல் தடவையிலேயே செய்துவிட்டார்.

இன்னொரு இடறல் Install பக்கத்தில். அங்கே Set as my Windows display language என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்து அப்படியே போனால், அடுத்த தடவை கணினிக்குள் நுழையும்போது கணினியின் முகமே தமிழாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளிக் கணினியை அடுத்துப் பயன்படுத்தும் கணித ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழில் தட்டுவதற்கு அந்த டிக் தேவையே இல்லை. வழிகாட்டியில் அந்தப் பக்கத்துப் படம் இருக்கிறது, டிக் பெட்டியும் படத்தில் தெரிகிறது, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. படத்தில் தெரிகிற, ஆனால் விளக்கத்தில் இல்லாத பொருள்தான் புதியவரை அதிகம் பயமுறுத்தும். "இந்தப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி போதும்.

தமிழ் 99-க்கே உரிய ஒரு விஷயத்தையும் வழிகாட்டி பாதியில் விட்டுவிட்டது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும் என்பது தமிழ் 99-இன் விதி. "அம்மா"வுக்கு a, k, k, q என்று நான்கு விசை போதும். ஆனால் எல்லா மென்பொருளும் இந்த விதியைச் செயல்படுத்தும் என்று எண்ணிவிடக் கூடாது. akkq தட்டி "அம்மா" வந்தால் உங்கள் கணினியில் இருக்கிறது. "அமமா" என்று வந்தால் இல்லை, அப்போது புள்ளிக்கு f விசையை நீங்களே தட்ட வேண்டும்: akfkq. தானே புள்ளி விழுகிற இடத்தில் எதிர்ச்சிக்கலும் உண்டு. "மமதை" என்று தட்டப் போனால் "ம்மதை" என்று வந்து நிற்கும். முதல் ம-வுக்குப் பிறகு a விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. kaklr. இதைச் சொல்லாவிட்டால் புதியவர் கணினி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

பழைய கேள்வித்தாள்களைத் திறந்து "தமிழ் தெரியவில்லை" என்று கேட்பவர்களும் உண்டு. "தமிழ்" இருக்க வேண்டிய இடத்தில் jkpo; என்று தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. விசைப்பலகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவி வழியாகத்தான் அதை மீட்க முடியும். வழிகாட்டியில் இதற்கு ஒரு வரி போதும், முழுப் பாடம் வேண்டாம். அது வேறு வேலை.

எழுதி முடித்த வழிகாட்டி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுதியவர் திரும்பத் திரும்பப் படித்தால் தெரியாது, அவர் கண் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். மேலே சொன்ன ஸ்போக்கன் டுடோரியல்காரர்கள் எழுத்துப்படியை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒரு பக்கம் திரையில் என்ன தெரிகிறது, மறுபக்கம் என்ன பேசுகிறோம். பதிவு செய்வதற்கு முன்பே, அந்த மென்பொருளைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். 'நாவிஸ் செக்' என்று அதற்குப் பெயர். பெரிய செலவு இல்லை, ஒரு ஆள், ஒரு மணி நேரம்.

நாம் செய்யும்போது ஒன்றே ஒன்று கடினம்: வாயை மூடிக்கொண்டு உட்கார்வது. ஆசிரியருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா + விசையைத் தேடியபோது எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்தக் குறை தாளிலேயே தங்கியிருக்கும். கையில் ஒரு பென்சில், வழிகாட்டியின் ஒரு பிரதி. அவர் எங்கே நின்றாரோ அந்த வரியில் ஒரு கோடு. எங்கே பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போனாரோ அங்கே ஒரு அம்பு. என்ன சொன்னாரோ அதை அப்படியே, பேச்சுத்தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "பட்டன் இல்லியே" என்பதுதான் பிறகு சிக்கல் குறிப்பின் தலைப்பாக ஆகும். "இடைவெளி விசையை இனங்காணல்" என்று நீங்கள் தலைப்புப் போட்டால் அவருக்கு அது தன்னுடைய சிக்கல் என்றே தெரியாது.

மூன்று பேரிடம் பார்த்ததில் என் பிரதியில் பத்தொன்பது கோடு விழுந்தது. அதில் பதினொன்று முதல் இரண்டு பக்கத்தில். விசைகளின் படம் உள்ள ஐந்தாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை (அங்கே நான் கூட இருந்து கொண்டுபோய் விட்ட பிறகு) மூவரும் தடையே இல்லாமல் போனார்கள். அந்த நான்கு பக்கத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் நல்ல ஆசிரியர். "க"விலிருந்து "கௌ" வரை ஒரே விசையை வைத்துக்கொண்டு வரிசையாகத் தட்டச் சொல்லும் பயிற்சி அருமை. அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நான் சொன்ன வழி விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆனால் தோட்டப்புறத்துப் பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் Time & Language-க்குள் Language என்று மட்டும் இருக்கும். தமிழ் வரிசையின் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்காது, தமிழைத் தட்டினால் Options என்ற பொத்தான் வெளியே வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் "அல்லது" போட்டுக் கலந்து எழுத வேண்டாம். தனித்தனித் தாளாக வையுங்கள், தலைப்பில் பதிப்பின் பெயரும் படம் பிடித்த மாதமும் ஆண்டும் இருக்கட்டும். தன்னுடையது எது என்று தெரியாதவர் சன்னல் விசையைப் பிடித்துக்கொண்டு R தட்டி, வரும் சிறு பெட்டியில் winver என்று தட்டி Enter அழுத்தினால், 10-ஆ 11-ஆ என்று பெரிய எழுத்தில் காட்டும். முதல் பக்கத்தில், வேறு எதற்கும் முன்னால், அது வர வேண்டும்.